கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்பு: எந்த ஆன்டிபயாடிக், எந்த வாரத்தில்?

9 வாரக் கர்ப்பத்தில் இருந்த ஒரு பெண், உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். பத்தில் இரண்டு குழிகள் காலி.

"மூணு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுது டாக்டர். உடம்பு சூடுன்னு அத்தை பார்லி தண்ணி வெச்சுக் குடுத்தாங்க. கேக்கலை. அவர் மெடிக்கல்ல சொல்லி இதை வாங்கிட்டு வந்தார். ரெண்டு போட்டதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் சீட்டு இல்லாமலே கைமாறுகிற மாத்திரை இது. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அர்த்தமே, மருத்துவர் சீட்டு இல்லாமல் இதைத் தொடாதே என்பதுதான்.

இந்தப் பெண்ணுக்கு அந்தக் கர்ப்பத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மூன்று முறையும் வேறு வேறு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று முடிவுகளையும் வரிசையாகச் சொன்னால், எந்த ஆன்டிபயாடிக்கை ஏன் தவிர்க்கிறோம், எதை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தானாகப் புரியும். அடையாளம் தெரியாதபடி வேறு சிலரின் விவரங்களையும் இவரோடு கலந்திருக்கிறேன்.

முதலில், போட்ட மாத்திரையைப் பற்றி

"கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

பெயர் "ஃப்ளாக்சசின்" என்று முடிகிற மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம்: நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின். வளரும் நாய்க்குட்டிகளுக்கு இவற்றைக் கொடுத்த சோதனைகளில் மூட்டுக் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டது. அதனால்தான் கர்ப்பத்தில் இவற்றை ஒதுக்கி வைத்தார்கள். கர்ப்பம் தெரியாமல் இவற்றைச் சாப்பிட்ட தாய்மார்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பிறவிக் குறைபாடு பெரிய அளவில் கூடியதாகத் தெரியவில்லை. எந்த மருந்தும் சாப்பிடாத கர்ப்பங்களிலும் 100க்கு 2 அல்லது 3 குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறையோடுதான் பிறக்கின்றன.

எனவே, இரண்டு மாத்திரை போட்டுவிட்டதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பயத்தில் அப்படி ஒரு முடிவோடு வந்து நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது மூன்று: மாத்திரையை நிறுத்துவது, பெயரையும் தேதியையும் தாய்-சேய் அட்டையில் குறிப்பது, 18 முதல் 20 வாரத்துக்குள் எல்லோருக்கும் எடுக்கிற குறைபாட்டு ஸ்கேனைத் தவறாமல் எடுப்பது.

அப்படியானால் அதையே தொடர்ந்தால் என்ன? பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகள் சாப்பிட்டுப் பழகிய, இதைவிட நம்பகமான மருந்துகள் கையில் இருக்கும்போது இது தேவையில்லை. இன்னொன்று, நம் நாட்டில் சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. அவருக்கு எரிச்சல் குறையாததுக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சிறுநீரைச் சரியாகப் பிடிப்பது

ஒவ்வொரு வருகையிலும் சிறுநீர் கொடுக்கிறோமே, அதில் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். வழக்கமாகப் பார்ப்பது ஆல்புமின், சுகர் இரண்டும்தான். கிருமி இருக்கிறதா என்று அதில் தெரியாது. அதற்குச் சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை தனியாக வைக்க வேண்டும்.

கர்ப்பத்தில் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கர்ப்பப்பை அவற்றை அழுத்துகிறது, வலது பக்கம் சற்று அதிகமாகவே. சிறுநீர் தேங்குகிறது, கிருமி மேலே ஏறுகிறது. எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருக்கிற கர்ப்பிணிகளும் உண்டு. கவனிக்காமல் விட்டால் அவர்களில் நான்கில் ஒருவருக்காவது பின்னால் சிறுநீரகம்வரை தொற்று ஏறலாம். அதனால்தான் முதல் வருகையிலேயே, தொந்தரவு இல்லாவிட்டாலும், ஒரு கல்ச்சர் பார்க்கச் சொல்கிறோம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. கையைக் கழுவி, பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரைக் கீழே விட்டுவிடுங்கள். நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்விளிம்பையோ மூடியின் உட்புறத்தையோ விரலால் தொட வேண்டாம். 1 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே வெயிலில் கிடந்தால், சிறுநீரில் இருந்த நாலு கிருமி நாலு லட்சமாகப் பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும்.

முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

முதல் முறை, 9ஆம் வாரம்

கல்ச்சர் முடிவு வரும்வரை எரிச்சலோடு காத்திருக்க வைக்க முடியாது. அன்றே செஃபலெக்சின் 500 மி.கி. எழுதினேன், நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். பென்சிலின் அலர்ஜி உண்டா என்று கேட்டபின்தான் எழுதினேன். "அலர்ஜி" என்று சொன்னால் என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும். ஊசி போட்ட சில நிமிடங்களில் உடலெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, மயங்கியவர் என்றால் செஃபலெக்சினும் வேண்டாம். அது ஆம்பிசிலினோடு அமைப்பில் நெருங்கிய உறவு. வயிறு கொஞ்சம் கலங்கியது என்றால் அது அலர்ஜியே இல்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை கிருமி, மில்லி லிட்டருக்கு 1,00,000க்கு மேல். இரண்டு மூன்று வகைக் கிருமி கலந்து வந்திருந்தால் மாதிரி அழுக்காகிவிட்டது என்று பொருள், திரும்ப எடுக்க வேண்டும். இவருக்கு ஒரே கிருமி, தெளிவாக.

கீழே மருந்துப் பட்டியல். ஆம்பிசிலின் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசின் கேட்காது. கோட்ரைமாக்சசோல், நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், செஃபலெக்சின் வகை, ஜென்டாமைசின் எல்லாம் கேட்கும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ரிப்போர்ட் சொல்வது கிருமி எதற்குச் சாகும் என்பதை மட்டும். ரிப்போர்ட் எழுதும் ஆய்வகத்துக்கு உங்கள் வயிற்றில் 9 வாரக் கரு இருப்பது தெரியாது.

கோட்ரைமாக்சசோலை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, கிருமிக்கும் கேட்கும். ஆனால் அதிலுள்ள டிரைமெத்தோபிரிம், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. அதே ஃபோலிக் அமிலத்தைத்தான் கருவின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாக வேண்டும் என்று நாம் மாத்திரையாகக் கொடுக்கிறோம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகிவிடும். முதல் மூன்று மாதத்தில் அது வேண்டாம். கடைசி வாரங்களிலும் வேண்டாம், காரணம் வேறு. அதிலுள்ள சல்ஃபா, காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபினை இரத்தத்தில் பிடித்து வைத்திருக்கும் புரதத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறும் அபாயம் வரும். நடு மாதங்களில் வேறு வழி இல்லாவிட்டால் கொடுப்பதுண்டு.

ஜென்டாமைசின் ஊசிக் குடும்பத்தில் மூத்தது ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க்கு அதைப் போட்ட தாய்மார்களின் சில குழந்தைகள் காது கேளாமல் பிறந்தன. ஜென்டாமைசினில் அந்த அபாயம் அவ்வளவு இல்லை. ஆனாலும் சாதாரண நீர்க்கடுப்புக்கு இதை எடுக்க மாட்டோம். உயிருக்கு ஆபத்தான தொற்றில் சில நாள் மட்டும், சிறுநீரக அளவுகளைப் பார்த்துக்கொண்டு போடுவோம்.

நைட்ரோஃபுரன்டாயின் நல்ல மருந்து. ஆனால் முதல் மூன்று மாதத்தில் கொடுத்தபோது உதட்டுப் பிளவு போன்ற குறைகள் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சில ஆய்வுகள் இல்லை என்கின்றன. அதனால் அந்த வாரங்களில் வேறொன்று கேட்குமானால் அதற்குத்தான் முதலிடம். அவருக்குச் செஃபலெக்சின் கேட்டது. அதையே 7 நாளும் முடித்தோம்.

பென்சிலினும் செஃபலோஸ்போரினும்தான் கர்ப்பத்தில் நாங்கள் அதிகம் நம்பும் இரண்டு குடும்பங்கள். நம்மிடம் இல்லாத கிருமியின் வெளிச்சுவரை உடைத்துத்தான் அவை வேலை செய்கின்றன. மனித செல்லுக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. கர்ப்பிணிக்குச் சிஃபிலிஸ் இருந்தால் பென்சிலினைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. அலர்ஜி இருந்தாலும், மருத்துவமனையில் வைத்துச் சிறுகச் சிறுகப் பழக்கி அதையே போடுகிறோம்.

இரண்டாம் முறை, 24ஆம் வாரம்

முதல் மருந்து முடிந்து 2 வாரம் கழித்துத் திரும்பக் கல்ச்சர் எடுத்தோம், கிருமி இல்லை. எரிச்சல் நின்றதும் இந்தப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

24ஆம் வாரத்தில் எரிச்சல் இல்லை, ராத்திரி பத்துத் தடவை எழுந்து போகிறேன் என்றார். கர்ப்பத்தில் அது சகஜம் என்று அனுப்பிவிடலாம்தான். கல்ச்சர் எடுத்ததில் மறுபடி ஈ.கோலை. இந்த முறை அது வேறு ரகம். செஃபலோஸ்போரின்களை உடைத்துப் போடும் நொதியை அது வைத்திருந்தது. ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.பி.எல். என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் இது இப்போது அன்றாடம் பார்ப்பது. செஃபலெக்சினோ செஃபிக்ஸைமோ கொடுத்துப் பயனில்லை.

கேட்கும் மாத்திரைகள் இரண்டு: நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நைட்ரோஃபுரன்டாயினுக்கு ஏற்ற காலம் இதுதான். ஜி6பிடி நொதிக் குறைபாடு இருப்பவர்களுக்கு இது இரத்த அணுக்களை உடைத்துவிடும். வீட்டில் யாருக்காவது மலேரியா மருந்துக்கோ வேறு மாத்திரைக்கோ திடீரென்று சோகையும் மஞ்சளும் வந்ததுண்டா என்று கேட்டேன், இல்லை. மெதுவாகக் கரையும் 100 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள்.

"வெறும் வயித்துல போடாதம்மா, சாப்பிட்டு எழுந்ததும் போடு. குமட்டல் வராது, மருந்தும் நல்லா ஏறும். ஒண்ணுக்கு கரும்பழுப்பா போனா பயப்படாதே, மாத்திரை நிறம் அது."

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடியாக வரும். தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடித்தால் போதும். ஏழு நாள் மாத்திரையை மறந்துவிடுவேன் என்பவர்களுக்கு நல்லது. விலை அதிகம் என்பதுதான் தடை.

கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக வடிகட்டுகின்றன. இரத்தத்தின் அளவும் கூடியிருக்கிறது. மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். குழந்தைக்கு ஆகாது என்று பாதி மாத்திரை போடுவதும், ஒருவேளையை விடுவதும் கிருமிக்குத்தான் சாதகம்.

மூன்றாம் முறை, 37ஆம் வாரம்

இந்த முறை அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். போர்வையை மீறிய குளிர் நடுக்கம், 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இரண்டு தடவை வாந்தி. வலது பக்க விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டியதும் துடித்தார். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது.

கூட வந்தவர், போன முறை கேட்ட மாத்திரையையே வீட்டில் இவருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். தவறு அவருடையது அல்ல, நாங்கள் சொல்லாமல் விட்டது. நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில் மட்டும் சேரும் மருந்து. சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமியைக் கொல்லும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் அப்படித்தான். காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி என்று வந்தால் மாத்திரைக் கட்டம் முடிந்தது, மருத்துவமனையில் சேர வேண்டும். நைட்ரோஃபுரன்டாயினை 37 வாரத்துக்கு மேல் தவிர்க்க வேறொரு காரணமும் உண்டு. பிறக்கப்போகும் குழந்தையின் சிவப்பணுக்கள் அந்த மருந்தைச் சமாளிக்கும் அளவுக்கு இன்னும் முதிர்ந்திருக்காது, உடைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

இப்படி வருபவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் செஃப்ட்ரியாக்சோன் ஊசியில் தொடங்குவோம். அதுவும் செஃபலோஸ்போரின்தான் என்பதால் இவருக்கு அதைப் போடவில்லை. 24ஆம் வார ரிப்போர்ட் அட்டைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு தாள் இரண்டு நாளை மிச்சப்படுத்தியது. இரத்தம், சிறுநீர் இரண்டுக்கும் கல்ச்சர் எடுத்துவிட்டு மெரோபெனெம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. இதுவும் பென்சிலினின் தூரத்து உறவுதான், கர்ப்பத்தில் தேவைப்பட்டால் போடலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் இந்த வாரங்களில் கூடாது.

இந்தத் தொற்றில் பிரசவ வலி முன்கூட்டியே வரலாம், தாய்க்கு நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனால் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு, கர்ப்பப்பை இறுகுகிறதா என்று மாறி மாறிப் பார்த்தோம். மருந்து சரியாக வேலை செய்தால் 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், கல் அடைத்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். இவருக்கு இரண்டாம் நாள் மாலையே இறங்கியது.

மொத்தம் 14 நாள் சிகிச்சை. சாதாரணமாக, காய்ச்சல் விட்டதும் கேட்கிற மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இவருடைய கிருமிக்குச் சிறுநீரகம்வரை போகிற, 37 வாரத்தில் கொடுக்கத் தகுந்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. நாளுக்கு ஒரே முறை போடும் எர்டாபெனெம் ஊசிக்கு மாற்றினோம். தினமும் காலையில் வந்து போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இந்தக் கதையில் வராத சில மருந்துகள்

டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின். "சைக்ளின்" என்று பெயர் முடியும். கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. நான்காவது மாதத்திலிருந்து குழந்தையின் பற்களும் எலும்புகளும் கால்சியத்தை ஏற்கத் தொடங்குகின்றன, அப்போது டெட்ராசைக்ளின் பல்லிலேயே படிந்து பழுப்புக் கறையாக நிற்கும். டாக்சிசைக்ளினில் அந்தக் குணம் குறைவு என்று இப்போது தெரிகிறது, இருந்தும் வேறு வழி இருக்கும்போது தவிர்க்கிறோம். முகப்பருவுக்கு இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். வேலூர்ப் பக்கம் மழைக்குப் பின் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு மற்றவர்களுக்கு இதுதான் மருந்து, கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறோம்.

எரித்ரோமைசினில் எஸ்டோலேட் என்ற வடிவம் மட்டும் கர்ப்பிணியின் கல்லீரலைக் கெடுக்கும், மற்ற வடிவங்கள் பரவாயில்லை. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையைப் பொதுவாகக் கொடுக்கலாம். ஆனால் மாதம் நிறையும் முன் பனிக்குடம் உடைந்தவர்களுக்குக் கூடாது. 2001இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், அப்படிக் கொடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் கூடுதலாக வந்தது. குளோராம்ஃபெனிக்காலைப் பிரசவத்தை ஒட்டிக் கொடுத்தால், குழந்தையின் கல்லீரலால் அதைக் கழிக்க முடியாமல் உடல் சாம்பல் பூத்துச் சரிந்துவிடும்.

மருந்தின் பாதுகாப்பை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்தால் தேடிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015லேயே அந்த எழுத்து முறையைக் கைவிடத் தொடங்கிவிட்டது. ஒரே மருந்து 9ஆம் வாரத்தில் ஒன்று, 24இல் ஒன்று, 37இல் ஒன்று என்று மாறும்போது ஒற்றை எழுத்தில் என்ன சொல்ல முடியும்?

பிரசவத்தின்போது

அவருடைய மூன்று கல்ச்சர்களிலும் ஈ.கோலைதான் இருந்தது. கர்ப்பத்தில் எப்போதாவது சிறுநீரில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வந்திருந்தால், எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதைப் பிரசவ அறையில் சொல்லியாக வேண்டும். வலி தொடங்கியதும் பென்சிலின் ஊசி போட்டால், குழந்தைக்கு அந்தக் கிருமி ஒட்டுவதைத் தடுக்கலாம்.

39ஆம் வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஆறு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். திரும்பத் திரும்பத் தொற்று வந்ததால் சிறுநீரக ஸ்கேன் எடுத்தோம், கல் இல்லை. கல்ச்சரில் கிருமியும் இல்லை. அட்டையின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால், "ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை, 24 மற்றும் 37ஆம் வாரம்" என்று எழுதி, மூன்று ரிப்போர்ட்டுகளையும் அதோடு பின் செய்து அவர் கையில் கொடுத்தேன்.